பூட்டு வேண்டாம், பட்டியல் போதும்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் என் எதிர் வரிசையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். இலையில் ஜாங்கிரி வைக்கப்பட்டது. அவன் கை அதைத் தொடும் முன்பே பக்கத்து இலைக்காரர், "உனக்கு எதற்கு இது? ஏற்கெனவே இரண்டு ஆள் எடை இருக்கிறாய்" என்று உரத்த குரலில் சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சிறுவன் ஜாங்கிரியைத் தொடாமலேயே எழுந்து போனான். அரை மணி நேரம் கழித்து, கை கழுவும் இடத்துக்குப் பின்னால் தனியே நின்று இரண்டு ஜாங்கிரிகளை அவன் அவசரமாக விழுங்கிக் கொண்டிருப்பதைக் கண்டேன்.

அந்தச் சிறுவன் என் சகோதரி மகளின் பிள்ளை. அவன் தாயிடம் நான் கண்டதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்றார். பிஸ்கட்டும் முறுக்கும் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் புத்தக அடுக்கின் பின்னாலும் தலையணை உறைக்குள்ளும் பிஸ்கட் உறைகள் அகப்படுகின்றன. "பூட்டாமல் வேறென்ன செய்வது மாமா?" என்று அவர் கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். குடும்பங்களின் நுகர்வுச் செலவைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்தவன். ஆனால், அந்தக் கேள்விக்கான விடையில் மருத்துவத்துக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு வீட்டுக் கணக்குக்கும் இருக்கிறது என்பதை அடுத்து வந்த ஓராண்டில் அருகிலிருந்து கண்டேன்.

இது ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று. தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 2.1 சதவீதமாக இருந்த கூடுதல் எடை, ஐந்தாம் சுற்றில் (2019-21) 3.4 சதவீதமானது. ஊட்டச்சத்துக் குறைவு இன்னும் நீங்காத ஒரு நாட்டில், அதற்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

முதலில் பூட்டைப் பற்றி. ஒரு பொருளின் வரத்தைக் கட்டுப்படுத்தி, அதைக் கண்ணில் படும்படியும் வைத்தால் அதன் மதிப்பு உயரும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். குழந்தைகளின் உணவிலும் இது அப்படியே நிகழ்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஃபிஷர், லீயன் பிர்ச் ஆகிய இருவரும் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம், ஏறக்குறைய ஒரே சுவையுள்ள இரு வகைப் பிஸ்கட்டுகள் தரப்பட்டன. ஒன்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்றொன்று கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைக்கப்பட்டுச் சிறிது நேரம் மட்டுமே திறந்து விடப்பட்டது. தடுத்து வைக்கப்பட்ட பிஸ்கட்டைப் பற்றியே குழந்தைகள் அதிகம் பேசினர், அதையே கேட்டனர், பெட்டி திறந்தபோது அதையே கூடுதலாக எடுத்தனர். நம் வீட்டு அலமாரிப் பூட்டு செய்வதும் இதைத்தான்.

ஏளனம் செய்வது இதனினும் தீங்கானது. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் குழந்தைகள் பிற்காலத்தில் எடை கூடுவதற்கும், ஒளித்து உண்பதற்கும், உணவையும் உடலையும் வெறுப்பதற்கும் வாய்ப்பு அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. "குண்டு" என்று அழைத்தால் வெட்கப்பட்டுக் குறைவாக உண்பான் என்று நாம் நினைக்கிறோம். அவனோ வெட்கப்பட்டு, நாம் பார்க்காத இடத்தில் உண்கிறான்.

தாயும் தந்தையும் சிறுவனைக் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். உயரம் 138 செ.மீ., எடை 39 கிலோ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். அவனுக்கு அது 20.5. பெரியவர்களுக்கு இது இயல்பான எண். ஆனால், குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற வரைபடத்தில் வைத்தே இதைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடப்படி பத்து வயதுச் சிறுவனுக்கு 18.5-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். அவன் இரண்டுக்கும் நடுவில், மேல்கோட்டுக்கு அருகில் இருந்தான்.

கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா, இரவில் குறட்டை விடுகிறானா, அடிக்கடி தாகம் எடுக்கிறதா, உயரம் வயதுக்கேற்ப வளர்கிறதா என்று மருத்துவர் பார்த்தார். இவற்றில் ஏதேனும் இருந்தால் சோதனைகள் தேவைப்படும். குறிப்பாக எடை ஏறியும் உயரம் நின்றுவிட்ட குழந்தைக்கு, சாப்பாட்டைத் திருத்துவதற்கு முன் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறுகள் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அடுத்து மருத்துவர் சொன்னதுதான் பெற்றோரின் பாரத்தை இறக்கியது: "இவன் எடை குறைய வேண்டியதில்லை. ஏறும் வேகம் குறைந்தால் போதும். உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்." இந்த வயதில் ஓராண்டுக்கு ஐந்தாறு செ.மீ. உயரம் கூடும். எடை ஓரிரு கிலோ மட்டுமே கூடினால் குறியீட்டெண் தானாக இறங்கும். வளரும் குழந்தையைப் பட்டினி போட்டு எடையைக் குறைக்க முயல்வது, உயரத்துக்கும் எலும்புக்கும் வேண்டியதைப் பறிப்பதாகும்.

எனில், வீட்டில் என்ன செய்வது? எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்த ஓர் எளிய பொறுப்புப் பங்கீட்டை மருத்துவர் விளக்கினார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் ஆகிய மூன்றையும் பெற்றோர் முடிவு செய்வார்கள். அதில் எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யும். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழையக் கூடாது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. என்ன வாங்குவது என்பதைக் குழந்தை அழுது முடிவு செய்கிறது. எவ்வளவு சாப்பிடுவது என்பதை நாம் மிரட்டி முடிவு செய்கிறோம்.

இங்குதான் என் பங்கு வந்தது. வீட்டுக்குள் வருவது எது என்பதைக் கடையில் தீர்மானித்துவிட்டால், சாப்பாட்டு மேசையில் சண்டை போடத் தேவையில்லை. எனவே, மூன்று மாத மளிகைப் பட்டியல்களை எடுத்து வரச் சொன்னேன். வீட்டில் பெற்றோர், பாட்டி, சிறுவன், அவனுடைய ஏழு வயதுத் தங்கை என ஐவர். மாதந்தோறும் சர்க்கரை 6 கிலோ, எண்ணெய் 6 லிட்டர், வாரம் ஒரு 2 லிட்டர் குளிர்பானப் புட்டி, இவற்றுடன் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ்.

கணக்கு மிக எளியது. 6,000 கிராம் சர்க்கரையை ஐந்து பேருக்கும் முப்பது நாள்களுக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 கிராம். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது 20 முதல் 25 கிராம். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. மாதம் நான்கு புட்டி என்றால் அது மட்டுமே 800 கிராம். எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம் எடை கொண்டது. 6 லிட்டரைப் பகிர்ந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 36 கிராம். அதே வழிகாட்டுதல் ஒரு நாள் உணவுக்குக் கொள்வது 27 கிராம். ஐவரில் இருவர் சிறுவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

இந்தக் கணக்கைக் கண்டதும் சிறுவனின் தந்தை அமைதியானார். சிக்கல் மகனுடைய நாவில் இருப்பதாக அதுவரை அவர் நினைத்திருந்தார். பட்டியலோ, ஐவரும் ஒரே சமையலறையிலிருந்து உண்கிறார்கள் என்றும், எடை ஒருவர் உடலில் மட்டும் தெரிகிறது என்றும் சொன்னது. ஒல்லியாக இருக்கும் தங்கைக்கும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்ணும் பாட்டிக்கும் அதே சர்க்கரைதான். ஆகவே, சிறுவனுக்குத் தனிச் சமையல், தனித் தட்டு என்ற பேச்சே எழவில்லை. மாற்றம் வீட்டுக்கு, அவனுக்கு மட்டுமன்று. தங்கைக்கு லட்டும் அண்ணனுக்கு வெள்ளரிக்காயும் தருவதைப் போன்ற அவமானம் குழந்தைக்கு வேறில்லை.

குறைப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. முதல் இரண்டு மாதங்கள் சர்க்கரை நாலரை கிலோ. நான்காவது மாதத்தில் மூன்றரை கிலோ. அதாவது தலைக்கு 23 கிராம். பாலிலும் காப்பியிலும் இரண்டு கரண்டி ஒன்றரையாகி, பிறகு ஒன்றானது. இரண்டு வாரத்துக்கொரு முறை சற்றுக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. எண்ணெய் நாலரை லிட்டரானது. தலைக்கு 27 கிராம். வாரந்தோறும் இருந்த பூரி மாதம் இருமுறையானது. அப்பளம் தணலில் சுடப்பட்டது. தோசைக்கல்லில் எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் சிறு கரண்டியால் விட்டார்கள். குளிர்பானம் பட்டியலிலிருந்து நீங்கி, வெளியே செல்லும்போது எப்போதாவது அருந்தும் பொருளானது. அந்தப் பணத்தில் கொய்யாவும் வாழைப்பழமும் நிலக்கடலையும் வந்தன.

இரண்டாவது, நேரம். பள்ளி விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளைக்குக் கடும்பசி இருக்கும். மதியச் சாப்பாடு பல நாள் பாதி மீந்தே வரும். அந்த நேரத்தில் வீட்டில் ஆயத்தமாக இருப்பது பிஸ்கட் என்றால் அவன் ஒரு பொட்டலத்தை முடிப்பதில் வியப்பில்லை. அது பேராசையன்று, பசி. எனவே, முந்தைய இரவே கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைக்கப்பட்டு, மாலையில் சுண்டல் ஒரு கிண்ணமும் ஒரு பழமும் மேசையில் அவனுக்காகக் காத்திருந்தன. வேண்டுமென்றால் இன்னொரு கிண்ணமும் எடுக்கலாம். புரதமும் நாரும் உள்ள உணவு பசியை நெடுநேரம் தாங்கும். அதன் பிறகு எட்டு மணி இரவு உணவு வரை சமையலறைக்கு ஓய்வு. இடையில் கேட்டால், "எட்டு மணிக்குச் சாப்பாடு, கண்ணா" என்பதே விடை. மறுப்பைவிட உறுதிமொழி குழந்தைக்கு எளிதில் பிடிபடுகிறது. அடுத்த உணவு எப்போது என்று தெரிந்த குழந்தை, இப்போதே எல்லாவற்றையும் உண்டுவிடத் துடிப்பதில்லை.

மூன்றாவது, இடம். தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்துக்கொண்டே உண்பவருக்கு வயிறு நிறைவது தெரிவதில்லை. இரவு உணவை ஐவரும் ஒன்றாக அமர்ந்து, திரையில்லாமல் உண்பதென்று முடிவாயிற்று. இதில் அதிகம் துன்பப்பட்டவர் செய்தி பார்க்கும் வழக்கமுள்ள தந்தைதான். பெரியவர்கள் விதிவிலக்குப் பெற்றால் அது விதியாகாது என்பதால் அவரும் இணங்கினார்.

நான்காவதுதான் மிகக் கடினமானது. அளவைக் குழந்தையிடம் விடுவது. குழம்பும் பொரியலும் நடுவில் வைக்கப்பட்டு, அவனே பரிமாறிக்கொண்டான். "இன்னும் ஒரு வாய்" என்று பாட்டி ஊட்டுவதும், "போதும் நிறுத்து" என்று தாய் தடுப்பதும் வெளிப்பார்வைக்கு எதிரெதிர். ஆனால், இரண்டும் அவன் வயிறு சொல்வதைக் கேட்கவிடாமல் செய்வன. "தட்டில் மீதம் வைக்கக் கூடாது" என்ற நம் தலைமுறையின் விதியும் இதில் சேரும். பஞ்சத்தைக் கண்டவர்களிடமிருந்து அதைப் பெற்றோம். அதில் நியாயம் இருந்தது. இன்று, குறைவாகப் பரிமாறிக்கொள், வேண்டுமென்றால் மறுபடி எடு என்பதே அந்த மதிப்பைக் காக்கும் வழி.

இனிப்பு என்னவாயிற்று? பூட்டு அகன்றது, அதனுடன் அலமாரியில் இருந்த சேமிப்பும் அகன்றது. வீட்டில் இல்லாத பொருளைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், இனிப்பு வீட்டிலிருந்து விலக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கேசரியோ பாயசமோ மற்ற உணவுடன் சேர்த்தே பரிமாறப்பட்டது. "காய்கறி சாப்பிட்டால் லட்டு தருகிறேன்" என்ற பேரம் நின்றது. அந்தப் பேரம் காய்கறியைத் தண்டனையாகவும் லட்டைப் பரிசாகவும் ஆக்கி, லட்டின் மதிப்பை இன்னும் உயர்த்துகிறது.

எல்லாம் நேர்க்கோட்டில் சென்றதாகச் சொன்னால் அது உண்மையாகாது. முதல் மூன்று வாரங்களில் சிறுவன் முன்பைவிட அதிகமாக உண்டான். இரவு உணவில் ஆறு தோசை. ஞாயிறன்று மூன்று கிண்ணம் பாயசம். தாய் பதறிப்போய் என்னை அழைத்தார். நெடுநாள் தடுக்கப்பட்ட குழந்தை, தடை உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கிறது. இந்தக் கட்டத்தில் முகம் சுளித்தாலும் நம்பிக்கை உடைந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தாய் பொறுத்துக்கொண்டார். நான்காவது வாரத்தில் ஆறு நான்காகியது.

இன்னொரு சரிவு, பாட்டியின் அன்பு. பேரன் வாடிவிட்டான் என்று எண்ணி அவர் தம் பெட்டியிலிருந்து மிட்டாய் கொடுத்து வந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவரைக் கடிந்துகொள்ளாமல் ஒரு பொறுப்பைக் கொடுத்தார் மருமகள்: "மாலைச் சுண்டல் இனி உங்கள் கையால்தான், அத்தை." தேங்காயும் மாங்காயும் தாளிப்புமாக அவர் செய்த சுண்டலுக்காகப் பேரன் ஓடி வரத் தொடங்கினான். ஊட்டும் ஆசைக்கு ஒரு நல்ல வடிகால் கிடைத்தது. பள்ளியில் பிறந்தநாள் மிட்டாய், நண்பர் வீட்டுக் கேக் ஆகியவற்றில் யாரும் தலையிடவில்லை. வீட்டின் அன்றாடம் சரியாக இருந்தால் வெளியே நிகழும் விதிவிலக்குகள் கணக்கைக் கவிழ்த்துவிடாது.

எடை பார்க்கும் கருவி வீட்டில் எடுத்து வைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் மட்டும் எடையும் உயரமும் பார்க்கப்பட்டன. வாரந்தோறும் எடை பார்த்தால் ஏற்ற இறக்கம் பெற்றோர் முகத்தில் தெரியும். குழந்தை எண்ணைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறது. அதைவிட நம்பத் தகுந்த அடையாளங்கள் வேறு உள்ளன. ஐந்தாவது மாதம் தலையணை உறைக்குள் எதுவும் அகப்படவில்லை. கேட்காமலேயே அவன் "போதும்" என்று சொல்லத் தொடங்கினான். ஒரு நாள் பாதி லட்டைக் கிண்ணத்தில் விட்டுவிட்டு விளையாடப் போனான். அந்தப் பாதி லட்டைத் தாய் எனக்குக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார்.

ஓராண்டு முடிந்தபோது உயரம் 144 செ.மீ., எடை 41 கிலோ. குறியீட்டெண் 19.8. பதினோரு வயதுக்கான கோடு 19.2, அவன் அதற்குச் சற்றே மேலே, முன்பைவிட நெருக்கமாக வந்திருந்தான். இரண்டு கிலோ ஏறித்தான் இருக்கிறது; ஒரு கிராம்கூடக் குறையவில்லை. எல்லாக் குழந்தைக்கும் இதே எண்கள் கிடைக்குமென்று சொல்ல இயலாது. மரபணுவின் பங்கு பெரிது. சிலருக்கு எடை இறங்காமலும் போகலாம். கடும் பருமன் உள்ளவர்களுக்குத் தொடர் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். எண் அசையாத வீட்டிலும், ஒளிந்து உண்ணாத ஒரு பிள்ளையும், குறைந்த சர்க்கரையில் ஒரு குடும்பமும் மிஞ்சும். அதுவே செலவிட்ட உழைப்புக்குப் போதுமான ஊதியம்.

அண்மையில் மற்றொரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். அதே உறவினர், அதே பந்தி. "இப்போது பரவாயில்லையே, இளைத்துவிட்டாய்!" என்று சிறுவனைப் பார்த்து உரக்கச் சொன்னார். பாராட்டுத்தான், ஆனால், அதுவும் அவன் உடலைச் சபைக்கு இழுக்கும் பேச்சே. அவன் தாய் புன்னகை மாறாமல், "நன்றாகக் கேரம் ஆடுகிறான், மாமா. சாப்பிட்டபின் அவனுடன் ஆடிப் பாருங்கள்" என்று பேச்சைத் திருப்பினார். சிறுவன் இலையிலிருந்த ஜாங்கிரியை எல்லோரும் பார்க்க, நிதானமாக, ருசித்துச் சாப்பிட்டான். இரண்டாவது வைக்க வந்தபோது இலையின் மேல் கையை நீட்டி மறைத்தான்.

வரும் மாதம் மளிகைக் கடைக்குப் பட்டியல் எழுத அமரும்போது, சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் நேரே உள்ள எண்களைத் தலைக்கும் நாளுக்குமாக வகுத்துப் பாருங்கள். குழந்தையிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்பது அப்போது புரியும்.